“அல்லது” எங்கே போடுவது?

“பாடவேளைக் கணக்குப்படிதான் மதிப்பெண் பிரித்தோம். அப்புறமும் பிள்ளைகள் ஒரு பாடத்தையே தொடாமல் நல்ல மார்க் வாங்குகிறார்களே, எப்படி?”

டீச்சர், பிரித்ததில் தப்பிருக்காது, சாய்ஸைப் பாருங்கள். தொண்டிப் பக்கம் நாங்கள் தயாரித்த 50 மதிப்பெண் அறிவியல் தாளையே சொல்கிறேன். மொத்தம் 20 பாடவேளை, அதில் மின்னோட்டவியலுக்கு 4. ஆக 10 மதிப்பெண்: ஐந்து மார்க் கேள்வி ஒன்று, இரண்டு மார்க் கேள்வி இரண்டு, ஒரு மார்க் கேள்வி ஒன்று. (மழை விடுமுறையில் வகுப்பு குறைந்தாலும் திட்டமிட்ட பாடவேளையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.)

அட்டவணை சரி. ஆனால் ஐந்து மார்க் கேள்விக்கு “அல்லது” போட்டது ஒளியியலில். இரண்டு மார்க் பகுதியோ “ஏழில் ஐந்துக்கு விடையளி”. மின்னோட்டவியலை அப்படியே விட்டவனுக்கு நட்டம் ஒரே ஒரு மதிப்பெண்!

“அல்லது”வின் இரு பக்கமும் ஒரே பாடத்தில், ஒரே கடினத்தில் இருக்கட்டும். ஏழில் ஐந்து என்பதையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு இரண்டு மார்க்குக்கும் அதே பாடத்திலிருந்து மாற்றுக் கேள்வி கொடுங்கள். கேள்வி எழுதும் வேலை இரட்டிப்பாகும், வேறு வழியில்லை.

விடைக்குறிப்பையும் கேள்வியோடு சேர்த்தே எழுதுங்கள். 12 வோல்ட் படகு பேட்டரியில் எரியும் 24 வாட் விளக்கின் மின்னோட்டமும் மின்தடையும் கேட்டால்: சூத்திரங்களுக்கு 2, பிரதியிடலுக்கு 1, 2 ஆம்பியருக்கு 1, 6 ஓமுக்கு 1. மாற்றுக் கேள்வி வெறும் வரையறையாக இருந்தால் இப்படிப் படிப்படியாகப் பிரிக்க வராது, அங்கேயே தெரிந்துவிடும் இரண்டும் சமமில்லை என்று.