2.6 சதவீதம் என்ற எண்ணில் உங்கள் அப்பா இல்லை

“வயது 44. புகைப்பதில்லை, சர்க்கரை நோயும் இல்லை. மேல் ரத்த அழுத்தம் 128, மொத்தக் கொழுப்பு 200, நல்ல கொழுப்பான எச்.டி.எல். 38. அடுத்த பத்தாண்டில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் ஆபத்து 2.6 சதவீதம் என்கிறது அமெரிக்கக் கணிப்பான். அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு. இந்த எண்ணை நம்பலாமா?”

நண்பரே, கணக்கு சரிதான், ஆனால் அது பாதிக் கதை. 2013-இல் வந்த அந்தச் சூத்திரம் நீங்கள் எழுதியவற்றோடு பாலினம், இனம், ரத்த அழுத்த மாத்திரை ஆகியவற்றை மட்டுமே கேட்கிறது. குடும்ப வரலாற்றுக்கு அதில் இடமே இல்லை. இனத்திலும் வெள்ளையர், கறுப்பினத்தவர் என இரண்டே சமன்பாடுகள்தான். நம்மைப் போன்ற தெற்காசியர்களை வெள்ளையர் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். நமக்கோ மாரடைப்பு சில ஆண்டுகள் முந்தியே வருகிறது. வயதுக்கு அதிக முக்கியத்துவம் தரும் சூத்திரம், நாற்பதுகளில் இருப்பவருக்குச் சிறிய எண்ணைத்தான் காட்டும்.

பிரிட்டனின் க்யூரிஸ்க்3 கணிப்பான் குடும்ப வரலாற்றையும் இந்திய வம்சாவளியையும் தனியாகக் கேட்கிறது. ஆனால் அதுவும் பிரிட்டனில் வாழ்பவர்களின் தரவில் உருவானது.

தந்தைக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருப்பதையும் தெற்காசிய வம்சாவளியையும் ஆபத்தைக் கூட்டும் காரணிகளாக 2018 அமெரிக்க வழிகாட்டுதல் குறிப்பிடுகிறது. இந்த இரண்டையும் மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். பரம்பரையாக வரும் ஒருவகைக் கொழுப்பான லிப்போபுரோட்டீன் (ஏ)-வுக்கான ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்றும் கேளுங்கள். வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் பெரும்பாலும் போதும்.