நாலு வரி அறிவிப்பை நாசமாக்கி வச்சிருக்காங்க

"மேற்படி வார்டுகளுக்கு மாற்று நாட்களில் முற்பகல் 6.00 மணி முதல் 8.00 மணி வரை சுழற்சி முறையில் குடிநீர் விநியோகம் செய்யப்படும். மின்தடை ஏற்படின் நேரம் மாறுதலுக்குட்பட்டது."

இதை எளிய தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதிக் கொடுங்கன்னு எங்க ஊராட்சியில கேட்டாங்க. சந்தோஷமாத்தான் வாங்கினேன். எங்க ஊரு நாங்குநேரிப் பக்கம். போர் தண்ணி உப்பு, அதுல பருப்பு வேகாது. நல்ல தண்ணின்னா கூட்டுக் குடிநீர்க் குழாய்ல வர்ற தாமிரபரணித் தண்ணி மட்டும்தான். அது வர்ற நேரத்தைத் தவறவிட்டா அன்னிக்குக் காசு குடுத்து கேன் வாங்கணும்.

பேனாவை எடுத்து உக்காந்தா, எழுத அந்தக் காகிதத்துல விஷயமே இல்ல. "மேற்படி வார்டு"ன்னா எந்தத் தெரு? வார்டு நம்பரை ஓட்டுப் போடுற அன்னிக்குத் தவிர எவன் ஞாபகம் வச்சிருக்கான்? "மாற்று நாள்"னா என்னைக்கு? இன்னைக்கா, நாளைக்கா? அலுவலகத்துல கேட்டா "உள்ளத அப்படியே மாத்தி எழுதுங்க, போதும்"னாங்க. உள்ளேயே ஒண்ணும் இல்லாதப்ப எதை மாத்தி எழுத? கடைசியில தண்ணி திறந்து விடுற அண்ணாச்சியைத் தேடி டேங்குக்கே போனேன்.

அவர்கிட்டதான் எல்லாம் இருக்கு. "ஒத்தப்பட தேதிக்கு மேலத்தெரு, ரெட்டப்பட தேதிக்குக் கீழத்தெரு. ஆறு மணிக்கு வால்வத் திறந்தா கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர இருவது நிமிசம் ஆவும்"னாரு. அப்போ 31-ஆம் தேதிக்கு அடுத்து 1-ஆம் தேதி வருமே, ரெண்டும் ஒத்தப்படைதானேன்னு கேட்டேன். "ஆமா, அப்ப கீழத்தெருக்காரவ சண்டைக்கு வருவாவ"ன்னாரு. வராம என்ன செய்வாங்க? 30-ஆம் தேதி பிடிச்ச தண்ணியை வச்சு 2-ஆம் தேதி வரைக்கும் ஓட்டணும். வருசத்துக்கு ஏழு மாசம் 31 நாள். "மாற்று நாட்களில்"னு ஒரு வார்த்தையைப் போட்டு இந்த ஓட்டையை இத்தனை வருசமா மூடி வச்சிருக்காங்க!

கிழமையாப் பிரிச்சா இந்தத் தொல்லையே கிடையாது. மேலத்தெருவுக்குத் திங்கள், புதன், வெள்ளி. கீழத்தெருவுக்குச் செவ்வாய், வியாழன், சனி. ஞாயித்துக்கிழமை டேங்க் கழுவலாம். அண்ணாச்சி உடனே சரின்னுட்டாரு. மின்தடை பத்தியும் அவர்தான் தெளிவாச் சொன்னாரு: கரண்டு போனா டேங்க் நிறையாது, வந்த பிறகு நிறைய மூணு மணி நேரம் ஆகும், அதனால அன்னைக்குத் தண்ணி சாயங்காலம் அஞ்சு மணிக்கு.

நான் எழுதினது இதுதான்: "மேலத்தெரு. திங்கள், புதன், வெள்ளி. காலை 6 மணிக்குத் தண்ணி திறப்போம். கடைசி வீட்டுக்கு 6.20-க்கு வரும். 8 மணிக்கு நிறுத்துவோம். காலையில் கரண்டு இல்லாவிட்டால் அன்று மாலை 5 மணிக்குத் தண்ணி வரும்." பள்ளிக்கூடத் தெருவுக்கு மட்டும் மத்தியானம் 12-லிருந்து 1 வரைக்கும், தினமும். இங்கிலீஷ்ல அதுக்கு "12 நூன்"னு தெளிவா எழுதினேன். காத்தாலை வேலைக்கு வந்திருக்கிற வடநாட்டுப் பிள்ளைங்களும், வாடகைக்கு இருக்கிற மலையாள நர்ஸும் அந்தத் தெருவுலதான் இருக்காங்க. இங்கிலீஷ் பலகையே அவங்களுக்காகத்தானே?

போர்டு வந்துச்சு. பார்த்ததும் வயிறு எரிஞ்சது. "தண்ணி திறப்போம்"னா மரியாதையா இல்லையாம், மறுபடியும் "விநியோகம் செய்யப்படும்". சரி, அது தொலையட்டும். தெருப் பேரை எடுத்துட்டு வார்டு நம்பரைப் போட்டிருக்காங்க. கிழமையை எடுத்துட்டு மறுபடியும் "மாற்று நாட்களில்". மாலை 5 மணியையே காணோம். "12 நூன்" இருந்த இடத்துல "12.00 ஏ.எம்." காலையிலிருந்து வேலை செஞ்சு அலுத்து வந்த அந்தப் பிள்ளைங்க ராத்திரி பன்னெண்டு மணிக்கு வாளியோட குழாயடியில நின்னுருக்காங்க. பகல்ல தண்ணி வந்து ஓடையில ஓடியிருக்கு.

எங்க தெருவுல பீடி சுத்துற அக்கா ஒருத்தி. கரண்டு போன ஒரு புதன்கிழமை, நேரம் மாறுமாம்னு யாரோ போர்டைப் படிச்சுச் சொன்னதைக் கேட்டு, காலையிலிருந்து மூணு குடத்தை வரிசையில வச்சுட்டு மத்தியானம் வரைக்கும் உக்காந்திருந்தா. மடியில முறம் இருந்தும் அன்னைக்கு ஆயிரம் பீடிக் கணக்கு முடியல. "அஞ்சு மணிக்குன்னு போட்டிருந்தா நான் எம்பாட்டுக்கு வீட்டுல இருந்து சுத்திருப்பேம்லா"ன்னு கேக்கா. என்ன பதில் சொல்ல? அந்த "அஞ்சு மணி"யை நான் எழுதித்தான் கொடுத்தேன், கிழிச்சுப் போட்டுட்டாங்கன்னா சொல்ல?

"பிளெக்ஸுக்குத் திரும்பக் காசு கிடையாது"ங்கறாங்க இப்போ. காசு வேண்டாம். குழாயடிச் சுவத்துல கரும்பலகை வண்ணம் ஒரு அடிக்கு அடிச்சு விடச் சொல்லுங்க. தெரு, கிழமை, மணி மூணையும் அண்ணாச்சி கையால தினமும் எழுதட்டும். அவருக்குத் தமிழ் எழுத வரும். கேட்டுட்டேன், ஆறு மணிக்கு வால்வைத் திறந்துட்டு எழுதிடுதேன்னு சொல்லிட்டாரு.