'ஒருவராவது' என்று சொன்னது யார்?

இரண்டு குழந்தைகள் புதிர் மறுபடியும் சுற்றிக்கொண்டிருக்கிறது. "ஒருவருக்கு இரண்டு குழந்தைகள். அவர்களில் ஒருவராவது ஆண். இருவரும் ஆணாக இருக்க வாய்ப்பு என்ன?" கீழே கருத்து எழுதுபவர்களில் ஒரு பாதி அரை என்கிறது, மறு பாதி மூன்றில் ஒன்று என்கிறது. மூன்றில் ஒன்று என்பவர்கள் மற்றவர்களைக் கணக்குத் தெரியாதவர்கள் என்று ஏளனம் செய்கிறார்கள். பல வருடங்கள் நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். என்னை மாற்றியது என் அக்கா மகன் கேட்ட ஒரே கேள்வி: "மாமா, ஒருவராவது ஆண் என்பது உங்களுக்கு எப்படித் தெரிய வந்தது?"

அதெல்லாம் புதிருக்கு வெளியே என்று அவனை அடக்கப் பார்த்தேன். வெளியே இல்லை. விடையே அதில்தான் இருக்கிறது.

ஆண், பெண் பிறப்பு சரிபாதி என்றும், ஒரு பிறப்பு மற்றதைப் பாதிக்காது என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டு குழந்தைகள் உள்ள 400 குடும்பங்களை எடுத்தால், சராசரியாக 100 குடும்பங்களில் இருவரும் ஆண், 100 குடும்பங்களில் இருவரும் பெண். மீதி 200 குடும்பங்களில் கலப்பு. மூத்தது ஆணாக 100, மூத்தது பெண்ணாக 100.

இப்போது 400 தந்தையரையும் நிற்க வைத்து, "உங்களுக்கு ஒரு மகனாவது உண்டா?" என்று நாமே கேட்கிறோம். 300 பேர் ஆம் என்பார்கள். அவர்களில் இரண்டு மகன்கள் உள்ளவர்கள் 100 பேர். ஆக மூன்றில் ஒன்று. இதில் தகராறே இல்லை.

அடுத்து, நாம் எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு தந்தையும் தன் குழந்தைகளில் எவரோ ஒருவரை நினைத்து, "எனக்கு ஒரு மகனாவது உண்டு" என்றோ, "ஒரு மகளாவது உண்டு" என்றோ தானாகச் சொல்கிறார். இரண்டு மகன்கள் உள்ள 100 பேரும் மகன் என்றுதான் சொல்ல முடியும். கலப்புக் குடும்பத்து 200 பேரில் பாதிப்பேர் மகளைச் சொல்லிவிடுவார்கள். மகனைச் சொல்பவர்கள் 100 பேர்தான். மகன் என்று சொன்ன 200 வாய்களில் 100 வாய்களுக்கு மற்றவரும் மகன். விடை அரை. காதில் விழுந்த வாக்கியம் எழுத்துக்கு எழுத்து அதேதான். மாறியது அது வந்த வழி.

ஆகவே இந்தப் புதிரை யாராவது நீட்டினால் நான் கேட்பது ஒன்றே ஒன்று: இவருக்கு ஒரு மகனும் ஒரு மகளும் இருந்திருந்தால், இதே வாக்கியத்தைக் கட்டாயம் சொல்லியிருப்பாரா, அல்லது பாதி நேரம் மகளைச் சொல்லியிருப்பாரா? புதிரில் இதற்குப் பதில் இல்லையென்றால் விடையும் இல்லை. 1959-இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் இதைப் பிரபலப்படுத்திய மார்ட்டின் கார்ட்னரே முதலில் மூன்றில் ஒன்று என்று எழுதி, பிறகு கேள்வி தெளிவாக இல்லை என்று ஒப்புக்கொண்டார். அவருக்கு இருந்த பணிவு கீழே சண்டையிடுபவர்களுக்கு ஏன் இல்லை என்று தெரியவில்லை.

'மூத்தவர் ஆண்' என்று மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. எந்தக் குழந்தை என்று சுட்டியாயிற்று, எஞ்சியது இளையவர் மட்டும், விடை அரை. 'ஒருவராவது' என்னும்போது யாரையும் சுட்டவில்லை. அதனால்தான் "சரி, இன்னொரு குழந்தை?" என்று கேட்டவுடனே தடம் புரள்கிறோம். எந்த ஒன்றை விட்டு இன்னொன்று?

தமிழில் எழுதுபவர்கள் இன்னொரு குழியும் வெட்டுகிறார்கள். 'ஆவது' என்பதை விட்டுவிட்டு, "இரண்டில் ஒன்று ஆண்" என்று எழுதுகிறார்கள். வீட்டில் யாராவது அப்படிச் சொன்னால் மற்றது பெண் என்றுதான் புரிந்துகொள்வோம். அப்போது இருவரும் ஆணாக இருக்க வாய்ப்பு பூஜ்யம்! ஓர் இடைச்சொல் போனதில் விடையே போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை வடிவம் தெரிந்தவர்கள் இந்நேரம் கையை உயர்த்தியிருப்பார்கள். "செவ்வாயன்று பிறந்த மகன் ஒருவராவது உண்டா?" என்று கேட்டு வடிகட்டினால் விடை 13/27. பாலினமும் கிழமையும் சேர்ந்து ஒரு குழந்தைக்கு 14 வகை, இரு குழந்தைகளுக்கு 196 ஜோடி. செவ்வாய் மகன் உள்ளவை 27, அவற்றில் இருவரும் ஆண் என்பவை 13. கிழமைக்கும் தம்பி பிறப்பதற்கும் என்ன உறவு என்று பலர் மலைக்கிறார்கள். உறவு எதுவும் இல்லை. இரண்டு மகன்கள் உள்ளவருக்கு அந்த வடிகட்டியில் தேற இரண்டு வாய்ப்பு, ஒரு மகன் உள்ளவருக்கு ஒன்றே, அவ்வளவுதான்.

அதே தந்தை ஒரு குழந்தையை மனம்போல் நினைத்து, "ஒரு மகன், செவ்வாயன்று பிறந்தவன்" என்று தானாகச் சொன்னால்? 27 ஜோடிகளில் இருவருமே செவ்வாய் மகன்களாக உள்ள ஒன்று அதைக் கட்டாயம் சொல்லும். மற்ற 26-இல் சராசரியாக 13 தான் சொல்லும். மொத்தம் 14. இருவரும் ஆண் என்ற பக்கம் ஒன்றும், மீதி 12-இல் பாதியான ஆறும், ஆக ஏழு. மறுபடியும் அரை. இதை அக்கா மகனிடம் பெருமையாகக் காட்டினேன். "நான் கேட்டது அதைத்தானே மாமா" என்றான்.