எல்லா இரங்கலுக்கும் "நன்றி" போட வேண்டியதில்லை

வீட்டில் ஒருவர் இறந்த செய்தியை இங்கே முகநூலில் எழுதினால் சில மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான கமெண்ட் வந்துவிடுகிறது. எழுதியவரோ தூங்காமல் கிடக்கிறார். இரவு போனைத் திறந்து, மேலிருந்து கீழ்வரை "நன்றி", "நன்றி சார்", "நன்றி அக்கா" என்று போட ஆரம்பிக்கிறார். பதில் போடவில்லையென்றால் மரியாதைக் குறைவோ என்ற பயம். இந்தப் பயம் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. "ஆழ்ந்த இரங்கல்" என்று எழுதியவர் பதிலை எதிர்பார்த்து எழுதுவதில்லை. செய்தி தெரிந்தது, உங்களை நினைத்தேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார். அதற்கு ஒரு இதயக்குறி போதும். ஒரே சொல்லை வேகவேகமாக ஒட்டிக்கொண்டே போனால் முகநூல் அதை ஸ்பேம் என்று எடுத்துக்கொண்டு, சிறிது நேரம் கமெண்ட் போட முடியாமல் தடுத்துவிடவும் கூடும். அந்த நிலையில் இருப்பவருக்கு அந்தத் தொல்லை வேறா?

அப்படியானால் யாருக்குப் பதில் எழுதுவது? இறந்தவரைப் பற்றி ஏதாவது ஒன்றைச் சொன்னவர்களுக்கு. இதை என் தோழியிடம் கண்கூடாகப் பார்த்தேன். அவளுடைய அப்பா பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் அவள் எதற்கும் பதில் எழுதவில்லை. பதிவின் அடியில் மட்டும், "எல்லாவற்றையும் படிக்கிறேன். தனித்தனியாக எழுதத் தெம்பில்லை. நீங்கள் எழுதியது அம்மாவுக்கும் போய்ச் சேர்கிறது" என்று ஒரு வரி சேர்த்தாள். நூறு நன்றி செய்யாததை அந்த ஒரு வரி செய்தது. அதற்குப் பிறகு யாரும் அவளுடைய பதிலுக்காகக் காத்திருக்கவில்லை.

பிறகு நிதானமாகப் படிக்க உட்கார்ந்தபோது, இரங்கல் வரிகளுக்கு நடுவே ஒரு பழைய மாணவர் எழுதியிருந்தது கண்ணில் பட்டது. "சார் என் நோட்டில் சிவப்பு மையில் 'நன்று' என்று எழுதிய பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன்." இவள் எழுதிய பதில்: "அந்தச் சிவப்புப் பேனா கடைசிவரை அவர் சட்டைப் பையில் இருந்தது. முடிந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்." இரண்டே வாக்கியம்தான். அவர் சொன்ன விஷயத்தையே கையில் எடுத்து, தனக்குத் தெரிந்த ஒன்றை அதோடு சேர்த்துக் கொடுத்தாள். நான் சொல்லும் சிறிய பதில் என்பது இதுதான். நீட்டி எழுத வேண்டாம், அழகாகவும் எழுத வேண்டாம். அதை இன்னொருவருடைய கமெண்ட்டுக்குக் கீழே வைத்தால் பொருந்தக் கூடாது, அவ்வளவுதான். (இப்படிப்பட்ட கமெண்ட்டுகள் கண்ணில் படாமல் தப்பிவிடும். முகநூல் தானாக ஒரு வரிசை போட்டு, அதற்கு முக்கியமாகப் படுபவற்றைத்தான் முதலில் காட்டும். எல்லாக் கமெண்ட்டுகளையும் காட்டும்படி மாற்றிவிட்டுப் படியுங்கள்.)

கஷ்டமானது "என்ன ஆச்சு?" என்ற கேள்வி. எப்படியும் நாலைந்து பேராவது கேட்பார்கள். கேட்பவர்மேல் கோபப்பட வேண்டாம். அதிர்ச்சியில் வாயில் முதலில் வருவது அதுதான். ஆனால் விவரம் சொல்ல வேண்டிய கடமை எதுவும் நமக்கு இல்லை. "திடீரென்று நடந்துவிட்டது. இப்போது எழுத முடியவில்லை" என்றால் போதும். "அப்புறம் போன் செய்கிறேன்" என்று மட்டும் எழுதாதீர்கள், உண்மையிலேயே செய்யப்போவதாக இருந்தால் தவிர. அந்த நேரத்தில் கொடுக்கிற வாக்கு பின்னால் பாரமாக வந்து நிற்கும்.

இன்னொரு வகையினர், தங்கள் துக்கத்தையும் சேர்த்து எழுதுபவர்கள். "போன வருடம் என் அம்மா போனாள், உன் நிலைமை புரிகிறது" என்று ஒருவர் எழுதினால், அவருக்குக் கட்டாயம் பதில் எழுத வேண்டும் என்பேன். அவர் தன் ஆறாத புண்ணைத் திறந்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார். "உங்கள் அம்மாவையும் நினைத்துக்கொண்டேன்" என்ற மூன்று சொற்கள் அவருக்குப் பெரிது. அதற்கும் தெம்பில்லையா, சரி, ஒரு வாரம் கழித்து எழுதுங்கள். துக்கத்தில் இருப்பவர் எழுதும் பதிலுக்குத் தாமதம் என்று ஒன்று கிடையாது.

உதவ வரும் தம்பி, தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. கமெண்ட்டுகளைப் படித்துப் பிரித்துக் கொடுங்கள், அது நல்ல உதவி. ஆனால் அவர் பெயரில் நீங்கள் பதில் எழுதாதீர்கள். மனம்விட்டு எழுதிய ஒருவருக்கு வேறு யாரோ தட்டிய "மிக்க நன்றி" போய்ச் சேருவதைவிட, ஒன்றும் போகாமல் இருப்பதே மேல்.

இரண்டு மூன்று வாரம் கழித்து, "இப்போதுதான் பார்த்தேன், மன்னிக்கவும்" என்று ஒருவர் வருவார். அதற்குள் மற்றவர்கள் எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள், வீடு வெறிச்சோடிப் போயிருக்கும். என் தோழி அப்படி வந்த ஒருவருக்கு எழுதினாள்: "இன்றைக்கு அப்பாவைப் பற்றிக் கேட்க வேறு யாரும் இல்லை. நீங்கள் வந்தது நல்லதாகப் போயிற்று." அந்த வாரம் அவள் எழுதிய ஒரே பதில் அதுதான்.