180 நோயாளிகள், 40 மாறிகள், ஒரு 0.81

நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் சைக்கோசிஸ் முதல் முறை வந்து, மருந்தில் தேறி, வீடு திரும்பும் பிள்ளையின் அம்மா அப்பா டாக்டரிடம் கேட்பது ஒன்றுதான்: "திரும்பவும் வருமா?" டாக்டரிடம் இருப்பது சராசரி. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2012-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி, முதல் எபிசோடுக்குப் பிறகு ஓராண்டுக்குள் 28 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் திரும்புகின்றன, மூன்று ஆண்டுகளில் 54 சதவீதம். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் இந்தப் பையன் அந்த 28-இல் ஒருவனா, மிச்சம் 72-இல் ஒருவனா என்று சராசரி சொல்லாது. அதனால்தான் கணிப்பு மாடல் கட்டுகிறோம் என்று எல்லோரும் கிளம்புகிறார்கள்.

என் பிழைப்பு மருத்துவப் புள்ளியியல். இப்படிப்பட்ட மாடல்கள் அடிக்கடி என் மேசைக்கு வரும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், திட்டுபவர்கள் பிறகு திட்டலாம்: ஒரே மருத்துவமனையின் தரவை மட்டும் வைத்துப் ரிலாப்ஸை, அதாவது நோய் திரும்புவதைக் கணிக்கும் மாடலைப் புதிதாகக் கட்டுவதைப் பெரும்பாலான இடங்களில் நிறுத்திவிடலாம். ஏன் என்பதை ஒரு கற்பனைத் தரவை வைத்தே காட்டுகிறேன். எண்கள் நான் போட்டவை, ஆனால் அளவு வழக்கமாக வருவதுதான்.

180 நோயாளிகள். ஓராண்டில் 50 பேருக்கு ரிலாப்ஸ். கையில் 40 மாறிகள்: வயது, பாலினம், சிகிச்சைக்கு வருமுன் எத்தனை மாதம் நோய் இருந்தது, பள்ளிக்கால நடத்தை, அறிகுறி மதிப்பெண்கள், கஞ்சா, குடும்ப வரலாறு, ரத்தப் பரிசோதனை என்று. ஒவ்வொரு மாறியையும் ரிலாப்ஸோடு தனித்தனியாக ஒப்பிட்டு, பி-மதிப்பு 0.2-க்குக் கீழே இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு, லாஜிஸ்டிக் ரிக்ரஷன் போட்டால் ஏழு மாறிகள் நிற்கின்றன. ஏ.யூ.சி. 0.81. அதாவது ரிலாப்ஸ் ஆன ஒருவரையும் ஆகாத ஒருவரையும் இணைத்துப் பார்த்தால், 100 ஜோடிகளில் 81-இல் ஆனவருக்கே மாடல் அதிக ஆபத்து சொல்கிறது. எல்லோருக்கும் சந்தோஷம்.

இப்போது அந்த 40 மாறிகளையும் தூக்கிப் போட்டுவிட்டு, அவற்றின் இடத்தில் வெறும் சீரற்ற எண்களை வையுங்கள். ஆர் மென்பொருளில் ஒரு நிமிட வேலை:

```r
n <- 180
y <- rep(c(1, 0), c(50, 130))
x <- matrix(rnorm(n * 40), n)
p <- apply(x, 2, function(v) t.test(v ~ y)$p.value)
d <- data.frame(y, x[, p < 0.2])
m <- glm(y ~ ., binomial, data = d)
r <- rank(fitted(m))
(sum(r[y == 1]) - 50 * 51 / 2) / (50 * 130)
```

கடைசி வரி தருவது ஏ.யூ.சி. 40 குப்பை மாறிகளில் சுமார் எட்டு, 0.2 வடிகட்டியைத் தற்செயலாகவே தாண்டிவிடும். அவற்றைச் சேர்த்துக் கட்டிய மாடல் பெரும்பாலும் 0.7-ஐ ஒட்டி நிற்கும். பல முறை ஓட்டிப் பாருங்கள். உண்மையான மதிப்பு 0.5, நாணயம் சுண்டுவதற்குச் சமம். ஆக நம் 0.81-இல் எவ்வளவு நோயைப் பற்றியது, எவ்வளவு இந்த 180 பேரின் தற்செயல் என்று அந்த எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஓவர்ஃபிட்டிங் என்பது இதுதான்.

இதை முன்கூட்டியே கணக்குப் போட்டுத் தவிர்க்க வழி இருக்கிறது. புள்ளியியலாளர் ரிச்சர்ட் ரைலியும் அவர் குழுவினரும் கொடுத்த சூத்திரம் `pmsampsize` என்ற ஆர் பொதியில் இருக்கிறது. அதற்கு முன், ஒரு மாறிக்குப் பத்து நிகழ்வுகள் போதும் என்ற பழைய கைக்கணக்குதான் எங்கும் ஓடியது. 50 ரிலாப்ஸ், ஆகவே ஐந்து மாறி என்பார்கள். புதிய சூத்திரம் வேறு கேள்வி கேட்கிறது: மாடல் தரும் மதிப்புகள் மிகைப்படுவது 10 சதவீதத்துக்குள் இருக்க எத்தனை பேர் வேண்டும்? ஓராண்டு ரிலாப்ஸ் 28 சதவீதம் என்றும், மாடல் அதிகபட்சம் விளக்கக்கூடிய வேறுபாட்டில் 15 சதவீதத்தை விளக்கும் என்றும் வைத்துக்கொண்டால், ஒரு மாறிக்குச் சுமார் 81 நோயாளிகள் வேண்டும். ஏழு மாறிக்கு 570 பேர். நம்மிடம் இருக்கும் 180 பேருக்கு இரண்டே இரண்டு மாறிதான் கட்டும்.

அதோடு, கடைசியில் மாடலில் நின்ற ஏழு மாறிகளை வைத்து இந்தக் கணக்கைப் போடக் கூடாது. ஆரம்பத்தில் பரிசீலித்த 40-தான் கணக்கு, ஏனென்றால் தற்செயலுக்கு 40 வாய்ப்பு கொடுத்திருக்கிறோம். 40-க்கு 3,250 பேருக்கு மேல் வேண்டும். முதல் எபிசோடு நோயாளிகளை ஒரே மையத்தில் அத்தனை பேர் சேர்க்க எத்தனை வருடம் ஆகும் என்று ஒரு மனநல மருத்துவரைக் கேட்டுப் பாருங்கள்.

உடனே வரும் பதில்: "லாஸோ போட்டுவிட்டால் சரியாகிவிடுமே?" மாடலின் கெழுக்களை இறுக்கிச் சுருக்கும் முறை அது. பெரிய தரவில் உதவும். சிறிய தரவில் எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவையே அதே 50 ரிலாப்ஸை வைத்துத்தான் லாஸோ கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த அளவு ஒவ்வொரு மாதிரிக்கும் தாறுமாறாக மாறும். எப்போது இறுக்கம் அதிகம் தேவையோ, அப்போதுதான் அது நம்பமுடியாததாக இருக்கிறது.

அடுத்த பதில், 70-30 என்று தரவைப் பிரித்துச் சோதிப்பது. 180-இல் 30 சதவீதம் 54 பேர், அவர்களில் ரிலாப்ஸ் 15. அந்தப் பதினைந்தை வைத்து ஏ.யூ.சி. 0.75 என்று வந்தால், உண்மை 0.6 முதல் 0.9 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். மாடலைக் கட்டவும் ஆட்கள் குறைந்துபோனார்கள், சோதிக்கவும் போதவில்லை.

சிறிய தரவில் நேர்மையாகச் செய்யக்கூடியது பூட்ஸ்ட்ராப். 180 பேரிலிருந்து, ஒருவரையே திரும்பத் திரும்ப எடுக்கலாம் என்ற விதியோடு, 180 பேரைக் குலுக்கி எடுக்க வேண்டும். அந்தப் புது மாதிரியில் மாடலை முதலிலிருந்து கட்டி, அங்கே அதன் ஏ.யூ.சி.யையும், அதே மாடலை மூல 180 பேரிடம் போட்டால் வரும் ஏ.யூ.சி.யையும் குறித்துக்கொள்ள வேண்டும். வித்தியாசம்தான் மிகை. 500 தடவை செய்து சராசரி மிகையை 0.81-இலிருந்து கழிக்க வேண்டும்.

பெரும்பாலானவர்கள் வழுக்கி விழுவது "முதலிலிருந்து கட்டி" என்ற இடத்தில். 40 மாறிகளிலிருந்து ஏழு மாறிகளைத் தேர்ந்தது, விடுபட்ட மதிப்புகளை நிரப்பியது, வயதை எங்கே வெட்டுவது என்று முடிவு செய்தது எல்லாம் ஒவ்வொரு குலுக்கலிலும் மறுபடி நடக்க வேண்டும். தேர்ந்த ஏழு மாறிகளை அப்படியே வைத்துக்கொண்டு கெழுக்களை மட்டும் திரும்பப் போட்டால் மிகை 0.03 என்று அழகாக வரும். தேர்வையும் உள்ளே கொண்டுவந்தால் அது 0.15 என்று கூட ஆகலாம். 0.81 அங்கே 0.66 ஆகிவிடும். கட்டுரையில் "பூட்ஸ்ட்ராப் செய்தோம்" என்று ஒரே வரிதான் இருக்கிறதென்றால், எந்தப் பூட்ஸ்ட்ராப் என்று நான் கட்டாயம் கேட்பேன்.

ஏ.யூ.சி.யை விட நோயாளியைத் தொடுவது கலிபரேஷன். சராசரி ஆபத்து சரியாக இருந்து, கலிபரேஷன் சாய்வும் 1 ஆக இருந்தால் மாடல் சொல்லும் சதவீதமும் நடப்பதும் ஒத்துப்போகின்றன, 1-க்குக் கீழே போனால் மாடல் இரு பக்கமும் மிகைப்படுத்துகிறது. சாய்வு 0.55 என்று வைப்போம். மாடல் 70 சதவீதம் என்று சொன்னவரின் உண்மையான ஆபத்து சுமார் 50. 8 சதவீதம் என்று சொன்னவருக்கு 15-ஐ ஒட்டி. இரண்டாமவரை நினைத்துத்தான் எனக்குப் பயம். 8 சதவீதம்தானே, மருந்தைக் குறைத்துப் பார்க்கலாம் என்று யாராவது முடிவெடுப்பார்கள். முதல் எபிசோடில் மருந்தை நிறுத்தியவர்களுக்கு ரிலாப்ஸ் ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று ராபின்சன் குழுவின் 1999 ஆய்விலேயே வந்துவிட்டது.

(சிலர் துல்லியம் 72 சதவீதம் என்று பெருமையாக எழுதுகிறார்கள். யாருக்கும் ரிலாப்ஸ் வராது என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே இங்கே 72 சதவீதம் சரியாக இருக்கும்.)

மருந்து நிறுத்தம் என்றதும் இன்னொரு ஓட்டை. "மருந்தை ஒழுங்காக எடுத்தாரா" என்ற மாறியை ஓராண்டு முழுவதையும் பார்த்துக் குறித்துவிட்டு, முதல் நாளிலேயே தெரிந்ததுபோல் மாடலில் போட்டுவிடுகிறார்கள். எண் எகிறும். கேள்வித்தாளைப் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதினால் மதிப்பெண் எகிறத்தானே செய்யும்? டிஸ்சார்ஜ் நாளில் டாக்டருக்கு அது தெரியாது. போதாததற்கு, நோய் திரும்ப ஆரம்பித்ததால்தான் மருந்தை நிறுத்தினார் என்பதும் பல பேருக்கு உண்மை. மருந்துப் பழக்கத்தைச் சேர்த்தே ஆக வேண்டுமானால், ஆறாம் மாதத்தைத் தொடக்கமாக வைக்கலாம். அதுவரை ரிலாப்ஸ் ஆகாதவர்களை மட்டும் எடுத்து, முதல் ஆறு மாதப் பழக்கத்தை வைத்து, அதற்குப் பிறகு வருவதைக் கணிப்பது. அதே போல, பாதியில் வராமல் போனவர்களை "ரிலாப்ஸ் இல்லை" என்று எழுதிவிடக் கூடாது. பலர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள்.

சரி, உள்ளுக்குள் எல்லாம் ஒழுங்காகச் செய்தாயிற்று. வெளியே போனால்? 2024-இல் 'சயின்ஸ்' இதழில் செக்ரவுட் குழு காட்டியதை இந்தத் துறையில் இருப்பவர்கள் ஒரு முறையாவது படிக்க வேண்டும். மனச்சிதைவு மருந்துகளின் பல சோதனைகளை எடுத்துக்கொண்டு, யாருக்குக் குணம் தெரியும் என்று கணிக்கும் மாடல்களைக் கட்டினார்கள். கட்டிய சோதனைக்குள் நன்றாக வேலை செய்தது. வேறொரு சோதனையின் நோயாளிகளிடம் போட்டபோது தற்செயலைத் தாண்டவில்லை. மற்ற சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டியும் விட்டுவைத்த சோதனையில் தேறவில்லை. அவர்கள் கணித்தது ரிலாப்ஸை அல்ல, குறுகிய கால முன்னேற்றத்தை. ஆனாலும் ரிலாப்ஸுக்கு இது இன்னும் எளிதாக இருக்கும் என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

இடம் மாறினால் நோயின் போக்கும் மாறும். சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனமும் மொன்றியலில் உள்ள முதல் எபிசோடு திட்டமும் ஒரே மாதிரியான சிகிச்சையோடு இரண்டு ஆண்டுகள் நோயாளிகளைப் பின்தொடர்ந்து ஒப்பிட்டபோது, பேச்சும் ஆர்வமும் குறைவது போன்ற எதிர்மறை அறிகுறிகள் சென்னையில் கூடுதலாகக் குறைந்திருந்தன. அங்கே கட்டிய மாடலை இங்கே போடுமுன், குறைந்தபட்சம் அதன் அடிப்படை ஆபத்தை, அதாவது வெட்டுத்துண்டை, உள்ளூர் எண்ணுக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

அப்போ 180 பேரை வைத்திருப்பவர் என்னதான் செய்வது? ஏற்கெனவே வெளியான ஒரு மாடலை எடுத்து, அதன் கெழுக்களை மாற்றாமல் தன் நோயாளிகளிடம் சோதிக்கலாம். இதில் மாறி தேர்வும் இல்லை, மிகையும் இல்லை. ஆனால் சோதனைக்கும் குறைந்தது 100 ரிலாப்ஸாவது இருக்க வேண்டும் என்பது புழக்கத்தில் உள்ள அளவு. நம்மிடம் 50. ஆக இன்னொரு மையம் தேவை, ரிலாப்ஸ் என்றால் என்ன என்பதற்கு இரண்டு பேருக்கும் ஒரே வரையறையும் தேவை. ஒருவர் மறுபடி அட்மிட் ஆனதை எண்ணி, மற்றவர் அறிகுறி மதிப்பெண் ஏறியதை எண்ணினால், சேர்த்தும் பயனில்லை.