காட்டு வேலைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு

விலங்கியல் படித்துவிட்டுக் காட்டு வேலைக்கு வரலாமா என்று பாளையங்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் இன்பாக்ஸில் கேட்கிறார்கள். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் ஆறு வருடம் ப்ராஜெக்ட் ஆளாக இருந்தவன் நான். பட்டதைச் சொல்கிறேன்.

புலிக்குக் கேமரா வைக்கும்போது காட்டை இரண்டு சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரிப்போம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தடத்தைத் தேடி, அதன் இரு பக்கமும் முழங்கால் உயரத்தில் ஒவ்வொரு கேமரா கட்டுவோம். ஏன் இரண்டு? புலியின் இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு. ஒரு நாள் இடப்பக்கமும் இன்னொரு நாள் வலப்பக்கமும் விழுந்தால், ஒரே புலியை இரண்டாக எண்ணிவிடுவோம்.

முதல் வருடம் ஓர் ஓடைக்கரையில் கட்டியபோது எதிரே நின்ற புல்லை அறுக்காமல் வந்துவிட்டேன். ஒன்பது நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் கார்டு நிறைந்திருந்தது, படம் முழுக்கப் புல். வெயிலில் சூடேறிய புல் காற்றில் ஆடினால், சென்சாருக்கு அது விலங்குதான். படங்களில் இருந்த நேரத்தைப் பார்த்ததும் புரிந்தது: எல்லாமே உச்சிவெயில் நேரம், நாலாம் நாளோடு நின்றுபோயிருந்தது. மிச்ச இரவுகளில் அந்த வழியாக எது போனதென்று யாருக்கும் தெரியாது.

கூட வந்த காணிக்காரப் பழங்குடி அண்ணன் ஒன்றும் திட்டவில்லை. புல்லை அறுத்துப் போட்டுவிட்டு, கேமரா முன்னால் நாலு காலில் தவழ்ந்து போனார். “லைட்டு மினுங்குதா பாருங்க தம்பி” என்றார். அதற்கப்புறம் தவழ்ந்து பார்க்காமல் நான் எந்த இடத்தையும் விட்டு வந்ததில்லை.

சரி, இந்தப் பழக்கத்துக்கெல்லாம் நிரந்தர வேலையில் என்ன மதிப்பு? ஒன்றும் கிடையாது. தொண்டு நிறுவனமோ பல்கலைக்கழக ஆய்வோ, சம்பளம் ப்ராஜெக்ட் பணத்தில் வருகிறது. பணம் நின்றால் வேலையும் நின்றது. நிலையான சம்பளம் என்றால் பெரும்பாலும் வனத்துறைதான். விலங்கியல், தாவரவியல் ஆய்வு நிறுவனங்களிலும் கல்லூரிகளிலும் இடம் சொற்பம்.

வனத்துறைக்குள் போகத் தேர்வு எழுத வேண்டும். ஐ.எஃப்.எஸ். என்கிற இந்திய வனப்பணிக்கான நடைத்தேர்வில் ஆண்களுக்கு நாலு மணி நேரத்தில் 25 கிலோமீட்டர், பெண்களுக்கு 14. அது எங்களுக்குப் பெரிதில்லை. முதல்நிலைத் தேர்வுதான் இடிக்கிறது. ஐ.ஏ.எஸ். எழுதுகிறவர்களோடு சேர்ந்து எழுதுவது அது, பெரும்பாலும் மே கடைசியிலோ ஜூனிலோ வரும். நம் பக்கம் வடகிழக்கு மழை விட்டு, ஜனவரியில் கேமரா வேலை சூடுபிடிக்கும். படிக்க வேண்டிய மாதங்களில் மலையில் இருப்போம். பொதுப்பிரிவுக்கு வயது 32-உடன் முடிகிறது, ஓ.பி.சி.க்கு மூன்று வருடம் கூடுதல். ஒவ்வொரு லீவுக்கும் “ஏல, இது பெர்மனெண்டால?” என்று அப்பா கேட்டது கோபத்தில் இல்லை.

அதனால் ஒரு சீசன் வாருங்கள். மறு வருடமே தேர்வுக்கு உட்காருங்கள். களத்தில் கழித்த வருடங்களுக்கு மதிப்பெண் கொடுக்க வேண்டும் என்று கேட்பதை நான் விடப்போவதில்லை. ஆனால் அதை நம்பி உங்கள் வயதைக் கரைக்காதீர்கள்.

அந்த அண்ணன் இன்னும் தினக்கூலிதான். புதிதாக வரும் ப்ராஜெக்ட் பிள்ளைகளுக்குத் தவழ்ந்து காட்டிக்கொண்டிருக்கிறார்.