ஆறு சுற்று என்று யார் சொன்னது?

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளித் திடல் இருக்கிறது. அதன் ஓடுதடம் ஒரு சுற்றுக்கு 350 மீட்டர். வாசல் பலகையிலேயே கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பலகையைத் தாண்டித்தான் சனிக்கிழமைதோறும் நாற்பது பிள்ளைகளும் அவர்களுக்கு ஓட்டப் பயிற்சி தரும் தொண்டூழியர்களும் உள்ளே போகிறார்கள். ஒருவர்கூட அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் மகன் அன்று அப்படி உடைந்து போயிருக்க மாட்டான்.

அவன் உயர்நிலை மூன்றில் படிக்கிறான். நாப்ஃபா என்ற உடற்தகுதித் தேர்வில் 2.4 கிலோமீட்டர் ஓட வேண்டும். அதைப் 12 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது அவன் தனக்குத்தானே வைத்துக்கொண்ட இலக்கு. பயிற்சியில் ஒரு தாள் கொடுத்தார்கள். “2.4 கி.மீ. = 6 சுற்று. ஒரு சுற்றுக்கு 2 நிமிடம்.” 400 மீட்டர் தடத்துக்கு இது அப்பழுக்கில்லாத கணக்கு. 350 மீட்டர் தடத்தில் ஆறு சுற்று என்பது 2,100 மீட்டர். பாக்கி 300 மீட்டர் எங்கே போனது?

ஆறு வாரம் அவன் அந்தத் தாளை நம்பி ஓடினான். இங்கே ஏழு மணிக்குத்தான் விடியும். இருட்டோடு எழுந்து, ஒவ்வொரு சுற்றையும் ஒன்றிரண்டு நொடி முன்பின்னாக 2 நிமிடத்தில் முடித்தான். வீட்டுக்கு வந்து, “அப்பா, 12 நிமிடம் வந்துவிட்டது” என்றான். நானும் மகிழ்ந்து போனேன். பிறகு பள்ளி அவர்களை 400 மீட்டர் விளையாட்டரங்கத்துக்கு அழைத்துப் போய் முன்னோட்டம் நடத்தியது. அதே கால், அதே வேகம், அதே மூச்சு. முடிவில் கடிகாரம் காட்டியது 13 நிமிடம் 43 நொடி.

இரவு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். “எனக்குத் தெம்பு இல்லை, அப்பா. பெரிய இடத்தில் ஓட எனக்கு வராது” என்றான். எனக்குச் சந்தேகம் வந்தது அப்போதுதான். 350 மீட்டரை 2 நிமிடத்தில் ஓடினால் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 43 நொடி ஆகும். அதே வேகத்தில் 2.4 கிலோமீட்டர் ஓடினால் சரியாக 13:43. பிள்ளை ஒரு நொடிகூடத் தளரவில்லை! ஆறு வாரமும் அவன் ஓடிப் பழகியது அந்த 13:43-ஐத்தான். தாள்தான் பொய் சொன்னது, பழியை அவன் தன் காலின் மேல் போட்டுக்கொண்டான். இதற்கு யார் பதில் சொல்வது?

பலகையும் தவறாக இருக்கலாமே என்று வேலையிடத்திலிருந்து அளவுச் சக்கரத்தை இரவல் வாங்கி வந்து நானே அளந்தேன். புல்தரையில் வெறும் வெள்ளைக்கோடுதான், கல்விளிம்பு கிடையாது. அதனால் உட்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளிச் சக்கரத்தை உருட்ட வேண்டும். மூன்று முறை உருட்டினேன். மூன்று முறையும் 350-க்கு ஒரு மீட்டருக்குள் வந்தது.

தடம் சிறியது என்பதில் எனக்குக் குறையே இல்லை. வழக்கமான 400 மீட்டர் தடத்துக்கு 84.39 மீட்டர் நேர்ப்பகுதி இரண்டும், 36.5 மீட்டர் ஆரத்தில் வளைவு இரண்டும் வேண்டும். இந்த ஊரில் அவ்வளவு நிலத்துக்கு ஒவ்வொரு பள்ளியும் எங்கே போகும்? இருக்கிற இடத்தில் தடம் போட்டிருக்கிறார்கள், நன்றாகவே போட்டிருக்கிறார்கள். என் ஆத்திரமெல்லாம் அந்தத் தடத்துக்கு உரிய கணக்கைப் போட மறுப்பவர்கள் மீதுதான்.

போய்ச் சொன்னேன். “அப்படியென்றால் ஏழு சுற்று ஓடட்டும் அண்ணே, கொஞ்சம் கூட ஓடினால் நல்லதுதானே” என்றார் ஒருவர். ஏழு சுற்று 2,450 மீட்டர். 12 நிமிட வேகத்தில் ஓடும் பிள்ளைக்கு அந்த 50 மீட்டர் 15 நொடியைத் தின்றுவிடும். 15 நொடி குறைக்க ஒரு பிள்ளை எத்தனை வாரம் பாடுபடுகிறது என்று தெரியாதவர் பேசுகிற பேச்சு இது. இன்னொருவர் ஒரு கூம்பை எடுத்துப்போய் முடிவுக்கோட்டைத் தாண்டி 50 மீட்டரில் வைத்து, “இங்கே முடிக்கட்டும்” என்றார். ஆறு சுற்றும் 50 மீட்டரும் 2,150. ஏழு சுற்றும் 50 மீட்டரும் 2,500. எந்தக் கணக்கிலும் அந்தக் கூம்பு 2,400-ஐத் தொடவே தொடாது!

சரியான வழி மிக எளிது. முடிவுக்கோட்டைத் தொடாதீர்கள், தொடக்கத்தை நகர்த்துங்கள். ஓடும் திசையில் முடிவுக்கோட்டிலிருந்து 50 மீட்டர் முன்னால் தள்ளிப் பிள்ளைகளை நிறுத்துங்கள். முதலில் 300 மீட்டர் ஓடிக் கோட்டுக்கு வருவார்கள். அதன்பின் ஆறு முழுச் சுற்று. கடிகாரக்காரர் கோட்டைவிட்டு அசையவே வேண்டாம். 12 நிமிட இலக்குக்கு 300 மீட்டர் 90 நொடி, ஒரு சுற்று 105 நொடி. எனவே கோட்டைத் தாண்டும்போது கேட்க வேண்டிய நேரங்கள் 1:30, 3:15, 5:00, 6:45, 8:30, 10:15, 12:00. அதிலும் மூன்றாவது முறை தாண்டும் இடம் மிகச் சரியாக ஒரு கிலோமீட்டர். இதைவிட வசதியான தடம் வேறு எங்கே கிடைக்கும்? தொடக்கநிலைப் பிள்ளைகளின் 1.6 கிலோமீட்டருக்கு 150 மீட்டர் தள்ளி நிறுத்தினால் போதும். முதலில் 200 மீட்டர், பிறகு நான்கு சுற்று.

இரண்டு வாரம் மன்றாடிய பிறகு தொடக்கத்தை மாற்றினார்கள். அன்றைக்கே இன்னொரு கூத்து. கோட்டைத் தாண்டும் பிள்ளையின் கையில் ஒவ்வொரு முறையும் ஒரு ரப்பர் வளையம் மாட்டுவது இங்கே வழக்கம். ஆறு வளையம் வந்தால் ஓட்டம் முடிந்தது என்றார்கள். முதல் 300 மீட்டருக்கு வளையம் உண்டா, இல்லையா? யாரும் பேசி முடிவு செய்யவில்லை. இடப்பக்கம் நின்றவர் மாட்டினார், வலப்பக்கம் நின்றவர் மாட்டவில்லை. அதுவரை 12 நிமிடத்தைத் தொட்டே பார்க்காத ஒரு பையன் 10:20-க்கு முடித்ததாக எழுதிக் கைதட்டினார்கள். அவனுக்கு ஒரு சுற்று குறைந்திருந்தது! ஒரு பிள்ளையின் நேரம் திடீரென்று ஏறக்குறைய ஒரு சுற்றின் அளவுக்கு, அதாவது 105 நொடி, குறைந்தால் முதலில் எண்ணிக்கையைத்தான் சந்தேகிக்க வேண்டும். வளையம் ஏழு என்று வையுங்கள். இல்லையேல் கோட்டில் நின்று, மீதி எத்தனை என்று உரக்கச் சொல்லுங்கள். முதல் தாண்டலில் “ஆறு”, அடுத்ததில் “ஐந்து”, “ஒன்று” எனும்போது மணி. அந்தப் பையனிடம் உண்மையை யாரும் சொல்ல முன்வரவில்லை. நான்தான் சொன்னேன். அவன் முகம் சுருங்கியதை என்னால் மறக்க முடியவில்லை.

என் மகன் இப்போது புது நேரங்களை மணிக்கட்டில் பேனாவால் எழுதிக்கொண்டு ஓடுகிறான். போன சனிக்கிழமை 5:00 வரை அச்சாகப் பிடித்தான், 8:30-க்கு 8:44 ஆகிவிட்டது, 12:39-க்கு முடித்தான். உண்மையான 2.4 கிலோமீட்டரில் உண்மையான 12:39. எங்கே தளர்கிறான் என்று இப்போது எங்களுக்குத் தெரியும். நான்காவது, ஐந்தாவது தாண்டலில் தொடங்கி, கடைசி இரண்டு சுற்றில் இன்னும் அதிகமாக.

திரும்பி வரும்போது சேமிப்பறைக் கதவில் புதுப் பிள்ளைகளுக்காக மறுபடியும் அந்தத் தாளை ஒட்டியிருந்தார்கள். 2.4 கி.மீ. = 6 சுற்று. கிழித்துக் கையோடு கொண்டுவந்துவிட்டேன்.